வாடிக்கையாளர் அனுப்பும் போட்டோவை நம் பக்கத்தில் போடலாமா? தையல் கடைக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஆரி வேலை பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன், சனி ஞாயிறில் வகுப்பும் எடுக்கிறேன். வகுப்புக்கு வருபவர்களில் பாதிப் பேர் வீட்டிலிருந்தே ஆர்டர் எடுப்பவர்கள். ஊசி பிடிப்பதில் வரும் சந்தேகத்தைவிட "அக்கா, கஸ்டமர் போட்டோவைப் போடலாமா"தான் அதிகம் வருகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாய்ஸ் நோட் அனுப்பிச் சலித்துவிட்டது, அதனால் கேட்டது கேட்டபடி இங்கே. கல்யாண பிளவுஸை வைத்துத்தான் பேசியிருக்கிறேன், எனக்குத் தெரிந்தது அதுதான்.

கஸ்டமரே வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்பிட்டாங்க. அப்புறம் எதுக்கு தனியா கேக்கணும்?

அவர் அனுப்பியது உங்களுக்கு. "பாருங்கக்கா, எவ்வளவு நல்லா அமைஞ்சிருக்கு" என்று தைத்தவரிடம் சந்தோஷத்தைப் பங்கு போடுகிறார், அவ்வளவுதான். பக்கத்து வீட்டு அக்காவிடம் கல்யாண ஆல்பத்தைக் காட்டினால், அந்த அக்கா அதிலிருந்து ஒரு படத்தை உருவிக்கொண்டுபோய்த் தெருமுனையில் ஒட்டுவாரா?

இதில் இன்னொன்றும் இருக்கிறது. உங்களுக்கு அனுப்பும்போது அவர் படத்தைப் பார்த்துப் பொறுக்கி அனுப்புவதில்லை. பின்னால் யார் நிற்கிறார்கள், புடவை எங்கே விலகியிருக்கிறது, வீட்டுக் கதவு எண் தெரிகிறதா என்றெல்லாம் பார்க்கமாட்டார். ஊரே பார்க்கப்போகிறது என்றால்தான் பார்ப்பார். நீங்கள் கேட்கும் அந்த ஒரு வரியால்தான் அவர் படத்தை இரண்டாம் தடவை உற்றுப் பார்க்கிறார்.

எப்படி கேக்கிறது? எனக்கு கேக்கவே கூச்சமா இருக்கு

எந்தப் படம், எங்கே போடப்போகிறீர்கள், பெயர் போடுவீர்களா, இந்த மூன்றும் கேள்வியிலேயே இருக்கட்டும். "போட்டோ போட்டுக்கவா?" என்று பொதுவாகக் கேட்டால் "ம்" என்றுதான் பதில் வரும், அந்த "ம்" எதற்கு என்று பிறகு அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

போன வைகாசியில் ஒரு பொண்ணு, திருவந்திபுரம் கோயிலில் கல்யாணம். மெரூன் பட்டுக்குப் பானைக் கழுத்து, முழங்கை வரை கை, கை ஓரத்தில் ஜர்தோசியில் மாங்காய். மூன்றாம் நாள் ராத்திரி ஐந்து படம் அனுப்பினாள். நான் அனுப்பியதை அப்படியே தருகிறேன்:

"போட்டோ ரொம்ப அழகா வந்திருக்கும்மா. இதுல கை வேலை தெரியிற ரெண்டாவது படத்தையும், பின்கழுத்து தெரியிற நாலாவது படத்தையும் என் இன்ஸ்டா பக்கத்துல மட்டும் போட்டுக்கட்டுமா? உங்க பேரு, ஊரு எதுவும் போட மாட்டேன். வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிடுங்க, ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன். போட்டதுக்கு அப்புறம் எடுக்கச் சொன்னாலும் எடுத்துடுறேன்."

மறுநாள் காலையில் பதில்: "ரெண்டாவது ஓகேக்கா. நாலாவது வேண்டாம், பின்னாடி எங்க மாமியார் தட்டு வாங்கிட்டு நிக்கிறாங்க, அவங்களுக்கு இதெல்லாம் பிடிக்காது." நான் நாலாவது படத்தைப் பத்துத் தடவையாவது பெரிதாக்கிப் பார்த்திருப்பேன். பார்த்ததெல்லாம் பானைக் கழுத்தில் பைப்பிங் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்றுதான். மாமியார் என் கண்ணிலேயே படவில்லை. கேட்காமல் போட்டிருந்தால் கல்யாணமான முதல் வாரமே அந்தப் பெண்ணுக்கு ஒரு பேச்சு வாங்கிக் கொடுத்திருப்பேன்.

கூச்சம் போக ஒரே வழி, "வேண்டாம்" சொல்வதற்கான வாசலை நீங்களே திறந்து வைப்பது. அந்த வரி இல்லாமல் கேட்டால், பிளவுஸை நன்றாகத் தைத்துக் கொடுத்தவரிடம் எப்படி மறுப்பது என்று அவர்தான் கூச்சப்படுவார். டெலிவரிக்கு முன்னால் கேட்காதீர்கள். பிளவுஸ் உங்கள் கையில் இருக்கும்போது வருகிற சம்மதம் உண்மையான சம்மதம் இல்லை.

வாயால "சரிக்கா போட்டுக்கோங்க"ன்னு சொன்னா போதாதா?

சொல்வது பொய்யில்லை, ஆனால் ஆறு மாதம் கழித்து இருவருக்குமே நினைவிருக்காது. கடையில் சொன்னால், அவர் கிளம்பியதும் "இப்ப சொன்னீங்களே, ரெண்டாவது படம், இன்ஸ்டால மட்டும், சரிதானே?" என்று ஒரு மெசேஜ் தட்டிவிடுங்கள். அவர் போடும் ஒரு "ஆமா" போதும். நான் ஆர்டர் நோட்டில் அளவு எழுதும் பக்கத்தின் ஓரத்திலேயே "படம் 2, இன்ஸ்டா, முகம் சரி, பேர் வேண்டாம்" என்று தேதியோடு எழுதிவிடுகிறேன். போன் மாற்றினால் சாட் போய்விடும், நோட்டு போகாது.

சட்டமும் ஏறக்குறைய இதையேதான் கேட்கிறது. 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஒப்புதல் என்பது இன்னதற்கு என்று குறிப்பாக, கட்டாயமில்லாமல், விவரம் தெரிந்து கொடுத்ததாக இருக்க வேண்டும். கொடுத்தது எவ்வளவு சுலபமோ அதே சுலபத்தில் திரும்பப் பெறவும் முடிய வேண்டும். இன்ஸ்டாவுக்குச் சரி என்றவர் கடை வாசல் பிளெக்ஸுக்கும், காசு கட்டி ஓட்டும் விளம்பரத்துக்கும் சரி சொன்னதாக ஆகாது. அதற்கு மறுபடி கேட்கத்தான் வேண்டும்.

மெசேஜ் பாத்துட்டாங்க, ப்ளூ டிக் இருக்கு, பதில் மட்டும் வரலை. போட்டுடலாமா?

கூடாது. கல்யாண வீடு, மறுவீடு, விருந்து என்று அலைந்துகொண்டிருப்பார். பத்து நாள் கழித்து ஒரே ஒரு தடவை நினைவுபடுத்துங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் அதுதான் பதில்.

இன்ஸ்டால அவங்களே என்னை மென்ஷன் பண்ணி ஸ்டோரி போட்டாங்க. அதை எடுத்து போடறதுக்கும் கேக்கணுமா?

உங்கள் மெசேஜ் பெட்டிக்கு வரும் அந்த ஸ்டோரியில் "Add to your story" என்று இருந்தால், அதை அழுத்தி உங்கள் ஸ்டோரியில் சேர்ப்பதற்கு நான் தனியாகக் கேட்பதில்லை. அவர் ஊரறியப் போட்டது, உங்களையும் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார், அவர் பெயரோடுதான் தெரியும், 24 மணி நேரத்தில் போய்விடும். ஒரு நன்றி மட்டும் சொல்லிவிடுங்கள்.

ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தனி போஸ்ட்டாகப் போடுவதும், ஹைலைட்டில் சேர்ப்பதும் வேறு கதை. ஒரு நாள் இருக்கட்டும் என்று அவர் போட்டதை நீங்கள் வருஷக்கணக்கில் நிறுத்தி வைக்கிறீர்கள். அதற்கு மேலே சொன்ன மெசேஜ்தான்.

முகம் தெரியாம பின்பக்கம் மட்டும் கட் பண்ணி போட்டா கேக்க வேண்டாம்தானே?

இந்தக் கேள்வி வாரம் ஒன்றாவது வருகிறது, ஏனென்றால் ஆரி வேலையில் காட்ட வேண்டியதே பின்கழுத்தும் கையும்தான். முகத்தை வெட்டினால் அவர் யாரென்று ஊருக்குத் தெரியாது, சரி. ஆனால் அந்தப் புடவை, பின்னலில் வைத்த ஜடை, முதுகில் இருக்கிற மச்சம் இதையெல்லாம் பார்த்து அவர் வீட்டுக்காரர்களுக்குத் தெரிந்துவிடும். அவர் கவலைப்படுவது முன்பின் தெரியாத ஆளைப் பற்றி இல்லை, சித்தப்பா பையனைப் பற்றித்தான்.

இன்னொன்று, ஒரு பெண்ணின் முதுகை மட்டும் தனியாக வெட்டி எடுத்த படம் முழுப் படத்தைவிட வேறு மாதிரி பார்க்கப்படும். கல்யாணப் பெண்ணாக நின்றவர் வெட்டியதும் வெறும் முதுகாகிவிடுகிறார். அதனால் வெட்டிப் போடுவதாக இருந்தால் வெட்டிய படத்தையே அனுப்பி "இப்படித்தான் வரும், பரவாயில்லையா" என்று கேட்கிறேன். பாதிப் பேர் முழுப் படத்துக்குச் சம்மதித்து வெட்டியதை வேண்டாம் என்றிருக்கிறார்கள்.

அனுமதியே வேண்டாத படம் வேண்டுமென்றால், டெலிவரிக்கு முன் பொம்மையில் மாட்டியோ, ஆரி ஸ்டாண்டில் இருக்கும்போதே ஜன்னல் வெளிச்சத்திலோ நீங்களே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்கு முன்னால் மட்டும் அதையும் போடாதீர்கள். முகூர்த்தத்தன்று எல்லோரும் முதன்முதலாகப் பார்க்கட்டும் என்று காசு கொடுத்திருக்கிறார்.

கல்யாண போட்டோகிராபர் எடுத்த படம், ஓரத்துல அவர் பேரு இருக்கு. யார்கிட்ட கேக்கறது?

இரண்டு பேரிடமும். படத்தில் இருப்பவரின் சம்மதம் ஒன்று, படத்தின் உரிமை இன்னொன்று. 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தில் போட்டோவை எடுத்தவர்தான் அதன் ஆசிரியர், பொதுவாக உரிமையும் அவருக்கே. ஆனால் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படமென்றால், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாத வரை, எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். நம் ஊரில் எடுக்கச் சொன்னவர் பெண்ணின் அப்பாவாக இருக்கலாம், மாப்பிள்ளை வீடாகவும் இருக்கலாம். ஸ்டுடியோ கொடுத்த பில்லின் பின்பக்கத்தில் வேறு ஏதாவது அச்சிட்டிருந்தாலும் இருக்கும். இதைத் தோண்டிக்கொண்டிருப்பதைவிட போட்டோகிராபருக்கு ஒரு வரி அனுப்புவது சுலபம்: "அண்ணா, பொண்ணு சரின்னு சொல்லிட்டாங்க, உங்க பேரைப் போட்டு இந்தப் படத்தைப் போட்டுக்கட்டுமா?" இதுவரை ஒருவரும் எனக்கு இல்லை என்றதில்லை, விளம்பரம் அவருக்கும்தானே.

அவர் பெயரை வெட்டிவிடாதீர்கள், மேலே உங்கள் லோகோவை ஒட்டாதீர்கள், பில்டர் போட்டு நிறத்தை மாற்றாதீர்கள். நிறத்தை மாற்றினால் உங்களுக்கும் நஷ்டம்தான். படத்தில் மெஜந்தாவைப் பார்த்து ஆர்டர் கொடுத்தவர் நேரில் மெரூனைப் பார்த்துச் சண்டைக்கு வருவார்.

மேக்கப் ஆர்ட்டிஸ்ட் பக்கத்துல ஏற்கனவே அந்த பொண்ணு படம் இருக்கு. அவங்ககிட்ட கேட்டு எடுத்துக்கலாமா?

அவர் வாங்கிய சம்மதம் அவருக்கு. அவரும் வாங்கினாரா என்பது உங்களுக்குத் தெரியாது. பெண்ணிடம் நேராகக் கேளுங்கள்.

கேப்ஷன்ல என்ன எழுதறதுன்னே தெரியலை. "குண்டா இருக்கறவங்களுக்கும் பெர்பெக்ட் பிட்டிங்"னு எழுதினேன், கஸ்டமர் ரெண்டு நாளா பேசலை

பேசமாட்டார். நீங்கள் உங்கள் கட்டிங்கைப் பாராட்டிக்கொள்ள அவர் உடம்பை ஊர் நடுவில் நிறுத்திவிட்டீர்கள். "கருப்பா இருக்கறவங்களுக்கும் எடுப்பா இருக்கும் கலர்", "வயசே தெரியலை", "குழந்தை பிறந்ததுக்கு அப்புறமும்" எல்லாம் இதே ரகம்தான். எழுதும்போது பாராட்டு மாதிரிதான் தோன்றும். என் சோதனை ஒன்று: படத்தில் இருப்பவர் மாமியார் வீட்டு ஹாலில் உட்கார்ந்து இதைச் சத்தமாக வாசித்தால் எப்படி இருக்கும்?

வேலையைப் பற்றி எழுதுங்கள், எழுத நிறைய இருக்கிறது. அந்த மெரூன் பிளவுஸுக்கு நான் முதலில் எழுதியது "எங்கள் அழகு தேவதை, பார்த்தாலே மயங்கும் மணப்பெண்". வாசித்துப் பார்த்தேன், எந்தப் பெண்ணுக்கும் யாரும் எழுதக்கூடியது, பிளவுஸைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அழித்துவிட்டு எழுதியது: "மெரூன் பட்டு. கை ஓரத்தில் ஜர்தோசி மாங்காய், நடுவில் குந்தன். புடவை பார்டரில் இருந்த மாங்காயையே சின்னதாக்கி வரைந்தோம். ஆரி வேலைக்கு ஆறு நாள், தையலுக்கு ஒரு நாள். படம் மணப்பெண்ணின் அனுமதியோடு." இதைப் பார்த்து "பார்டர்ல இருக்கறதையே போட முடியுமா" என்று நாலு பேர் கேட்டார்கள். தேவதைக்கு அப்படி யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

தைத்துக் கொடுத்த கதையை எழுதும்போதும் அளவோடு இருங்கள். "கடைசி நேரத்தில் வேறு கடையில் கெடுத்துவிட்டார்கள், அழுதுகொண்டே வந்தார், நாங்கள்தான் காப்பாற்றினோம்" என்பது உங்களுக்கு வீரக்கதை, அவருக்கு அவமானம். பெயர், தெரு, தேதி மூன்றையும் சேர்த்துப் போடவே போடாதீர்கள், கழுத்து நிறைய நகையோடு நிற்கும் படத்துக்குக் கீழே வீடு எந்தத் தெரு என்று எழுதுவதை நான் விளக்க வேண்டியதில்லை. அவர் கணக்கை டேக் செய்வதையும் தனியாகக் கேளுங்கள். டேக் செய்தால் உங்கள் பக்கத்துக்கு வருகிற முகம் தெரியாதவர் ஒரே தட்டலில் அவர் பக்கத்துக்குப் போய்விடுவார்.

வாட்ஸ்அப்ல நல்லா எழுதி அனுப்பினாங்க. ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பேரை மறைச்சு போட்டா சரிதானே?

கேட்டுவிட்டு, மறைத்து, போடுங்கள். மறைக்கும்போது மேலே இருக்கும் பெயரோடு டிபி, நம்பர், அதற்கு முன்னால் வந்த மெசேஜ்களையும் பாருங்கள், அட்வான்ஸ் எவ்வளவு, மார்பு அளவு என்ன என்று நாம் பேசியதெல்லாம் அதே திரையில்தான் இருக்கும். போனில் இருக்கிற ஹைலைட்டர் பேனாவால் தீட்டினால் மறைந்த மாதிரி தெரியும், வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் இருக்கும் எழுத்து தெரிந்துவிடும். வெட்டிவிடுவதுதான் நல்லது, முடியாவிட்டால் முழுக் கருப்புக் கட்டத்தை வைத்து மூடுங்கள்.

எழுத்துப் பிழையைத் திருத்தலாம், நீளத்தைக் குறைக்கலாம், அர்த்தத்தில் கைவைக்கக் கூடாது. ஒருவர் எனக்கு எழுதியது: "கை கொஞ்சம் டைட்டா இருந்துச்சு, பிரிச்சு விட்டுக்கிட்டேன், ஆனா வேலை சூப்பர்க்கா, எல்லாரும் கேட்டாங்க." கடைசிப் பாதியை மட்டும் வெட்டிப் போட ஆசையாகத்தான் இருந்தது. முழுசாகப் போட்டு, "இப்போது கைக்கு உள்ளே அரை இஞ்ச் கூடுதல் துணி விட்டுத் தைக்கிறோம்" என்று கீழே எழுதினேன். அதற்குப் பிறகு வருபவர்கள் அந்த அரை இஞ்சைக் கேட்டு வாங்குகிறார்கள்.

போட்டோ கொடுத்தா 200 ரூபா தள்ளுபடின்னு சொல்லலாமா?

படத்துக்குத் தரலாம், பாராட்டுக்குத் தரக்கூடாது. தந்தால் அதைக் கேப்ஷனில் சொல்லிவிட வேண்டும், "இந்தப் படத்துக்குத் தள்ளுபடி கொடுத்தோம்" என்று ஒரு வரி போதும். விளம்பரத்தில் வரும் கருத்து நிஜமான அனுபவமாக இருக்க வேண்டும், சொல்பவருக்கும் விற்பவருக்கும் இடையில் காசோ பொருளோ கைமாறியிருந்தால் அது பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022ஆம் வருட வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. கூகுள் ரிவ்யூவுக்கு மட்டும் எதுவும் கொடுக்காதீர்கள், ரிவ்யூவுக்குப் பதிலாகச் சலுகை தருவதையே கூகுள் அனுமதிப்பதில்லை.

பட்டுப்பாவாடை போட்ட குழந்தை படம்தான் எனக்கு நிறைய லைக் வருது. அம்மா சரின்னு சொல்லிட்டாங்க, போடலாம்ல?

மேலே சொன்ன 2023 சட்டத்தில் 18 வயது நிரம்பாத எல்லோரும் குழந்தைதான், பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். அம்மா சரி என்றால் போடலாம். ஆனால் பள்ளி பேட்ஜ், வீட்டு வாசல், குழந்தையின் பெயர் எதுவும் தெரியக் கூடாது, குளியல், உடை மாற்றும் படங்களை அம்மாவே ஆசையாக அனுப்பினாலும் போடாதீர்கள். அத்தையோ பெரியம்மாவோ அனுப்பிய படத்தை அம்மாவிடம் கேட்காமல் போடாதீர்கள். பத்து வயதுக்கு மேலே இருந்தால் அந்தப் பிள்ளையையும் ஒரு வார்த்தை கேட்கிறேன், சட்டத்துக்காக இல்லை. அந்த வயதில்தான் வகுப்பில் கேலி ஆரம்பிக்கும்.

புதுச்சேரி கஸ்டமர், மாப்பிள்ளை பிரான்ஸ். அங்க வேற சட்டமாமே?

பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 9ஆவது பிரிவு எல்லோருக்கும் தன் சொந்த வாழ்க்கைக்கான மரியாதை உண்டு என்கிறது, தன் படத்தின் மேல் ஒருவருக்கு இருக்கும் உரிமையையும் அங்கே அதிலிருந்துதான் எடுக்கிறார்கள். அங்கே வளர்ந்தவர்கள் இந்த விஷயத்தில் கறாராக இருப்பார்கள். முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு மணப்பெண் எனக்கு உடனே சரி சொல்லிவிட்டு, "அவர் படத்தில் இருந்தா அவரைக் கேக்கணும்க்கா" என்றாள். கேட்டோம், அவர் வேண்டாம் என்றார். ஜோடிப் படத்தில் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்பது பிரான்ஸுக்கு மட்டும் இல்லை, பண்ருட்டிக்கும் பொருந்தும்.

ஒரு வருஷம் கழிச்சு "படத்தை எடுத்துடுங்கக்கா"ன்னு சொல்றாங்க. நல்லா ஓடுற போஸ்ட். ஏன்னு கேக்கலாமா?

கேட்காதீர்கள். பெரும்பாலும் காரணம் நாம் கேட்கக் கூடாத ஒன்றாகத்தான் இருக்கும். "சரிம்மா, இப்பவே எடுத்துடுறேன்" என்று அனுப்பிவிட்டு அன்றைக்கே எடுத்துவிடுங்கள், ஆர்க்கைவில் போட்டு ஒளித்து வைக்காமல் முழுதாக அழியுங்கள்.

எடுப்பது ஒரு இடத்தில் முடிகிற வேலையில்லை, இதில் நானே சறுக்கியிருக்கிறேன். ஒரு பெண் கேட்டாள், அந்த நிமிடமே இன்ஸ்டாவில் அழித்துவிட்டு "எடுத்தாச்சும்மா" என்று அனுப்பினேன். ஒரு வாரம் கழித்து அவள் அண்ணனிடமிருந்து போன். பேஸ்புக்கில் அப்படியே இருந்தது, இரண்டு பக்கத்திலும் சேர்ந்து விழுகிற மாதிரி எப்போதோ இணைத்து வைத்திருந்தது எனக்கு நினைவே இல்லை. இங்கே அழித்தால் அங்கே அழியாது. அந்த அண்ணன் சத்தம் போடவில்லை, "நீங்க எடுத்துட்டேன்னு சொன்னீங்களாம்" என்று மட்டும்தான் சொன்னார். இப்போது ஆர்டர் நோட்டில் அந்த ஓரக் குறிப்புக்குப் பக்கத்திலேயே எங்கெங்கே போட்டேன் என்றும் எழுதுகிறேன்: இன்ஸ்டா போஸ்ட், ஹைலைட், பேஸ்புக், வாட்ஸ்அப் கேட்டலாக், கடையில் காட்டும் டேப். எடுக்கச் சொன்னால் ஒவ்வொன்றாக அழித்து அடித்துவிட்டு, கடைசியில்தான் "எடுத்தாச்சு" என்று அனுப்புகிறேன்.